குழந்தைகளின் உயரம் ஐந்தில் இரண்டு பங்கு முழு எண்ணில் வருகிறது, காரணம் என்னவாக இருக்கும்?

கார்த்திக்_டர்பன்

எல்லோருக்கும் வணக்கம். டர்பனுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது, ஒரு குடும்ப நல ஆய்வில் தரவு பார்க்கும் வேலை. குவாசுலு-நட்டாலின் உள்பகுதிகளில் எங்கள் ஆட்கள் வீடு வீடாகப் போய், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் எடுத்து டேப்லெட்டில் பதிகிறார்கள். உயரம் 0.1 செ.மீ. வரை பதியப்பட வேண்டும். அதாவது 84 என்றால் போதாது, 84.0-ஆ 84.3-ஆ 84.8-ஆ என்று சொல்ல வேண்டும்.

மூன்று குழுக்கள் வேலை செய்கின்றன. நேற்று ஒவ்வொரு குழுவுக்கும் உயரத்தின் கடைசி இலக்கத்தை மட்டும் தனியாக எடுத்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு குழுக்கள் பரவாயில்லை. மூன்றாவது குழுவில் 120 குழந்தைகள். அவர்களின் கணக்கு இது:

```
.0 .1 .2 .3 .4 .5 .6 .7 .8 .9
47  5  8  7  5 22  6  7  8  5
```

குழந்தைகளின் உயரத்துக்கு முழு எண் மேல் ஆசை கிடையாது. ஒவ்வொரு இலக்கமும் கிட்டத்தட்ட 12 முறை வந்திருக்க வேண்டும். இங்கே பூஜ்யம் மட்டும் 47. பயிற்சி ஐந்து நாள் கொடுத்தோம், நானும் கூடவே இருந்தேன். அந்தக் குழுவில் உள்ள இரண்டு அளப்பவர்களும் நல்ல பிள்ளைகள். என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன்னால் இங்கே கேட்கிறேன்.

மீனாட்சி_சாட்ஸ்வர்த்

தம்பி, நல்ல கேள்வி கேட்டீர்கள். எங்கள் வீட்டிலும் இதுதான் பிரச்சினை. பேரனுக்குப் போன மாதம் இரண்டு வயது முடிந்தது. அதற்கு முந்திய முறை கிளினிக்கில் படுக்கவைத்து அளந்து ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் 88 என்று எழுதினார்கள். இப்போது நிற்கவைத்து அளந்து 87.5 என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடுகிறான். உயரம் எப்படிக் குறையும்? மருமகள் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. உங்கள் ஆய்வில் இப்படிக் குறைந்த பிள்ளைகள் உண்டா?

சிவா_ஜோபர்க்

கார்த்திக், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சோம்பேறித்தனம். நான் தணிக்கைத் துறையில் இருபது வருடம் இருக்கிறேன். செலவுச் சீட்டு எல்லாம் முழு ராண்டில் வந்தால் அந்த ஆள் சீட்டைப் பார்க்காமல் எழுதுகிறான் என்று அர்த்தம். இதுவும் அதேதான். பூஜ்யம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வாரப் படியில் பிடித்தம் என்று ஒரு விதி போடுங்கள். அடுத்த வாரமே சரியாகிவிடும்.

இன்னொன்று. முழு எண்ணாக்கினால் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமே தப்பாகிவிடும். இந்த 120 பேரையும் தூக்கிப் போடுவதுதான் நேர்மை.

நாதன்_பிரிட்டோரியா

கார்த்திக், கணக்கு போட்டுக் காட்டியதற்கு நன்றி. முதலில் மீனாட்சி அம்மாவுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பேரன் குறையவில்லை. படுக்கவைத்து அளப்பதும் நிற்கவைத்து அளப்பதும் ஒரே எண்ணைத் தராது. நிற்கும்போது முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கும். சராசரியாக 0.7 செ.மீ. குறையும் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சித் தரத்திலேயே வைத்திருக்கிறார்கள். இரண்டு வயது வரை படுக்கவைத்து, அதற்கு மேல் நிற்கவைத்து அளப்பது முறை. உங்கள் பேரன் அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறான், அவ்வளவுதான். தவிர 88 என்பது 88.0 தானா என்பதும் நமக்குத் தெரியாது. இரண்டு வயதுப் பையனுக்கு நடு உயரம் 87.1. மருமகளை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

சிவா சொன்னதில் பாதி சரி. முழு எண் குவிவது எதற்கோ அடையாளம் என்பது உண்மை. அதனாலேயே விகிதம் தப்பாகும் என்பது அவ்வளவு நேரானதில்லை. எப்படி முழு எண்ணாக்கினார்கள் என்பதைப் பொறுத்தது அது.

84.3-ஐ 84 என்றும் 84.8-ஐ 85 என்றும் எழுதினால், சில பிள்ளைகளுக்குக் கூடும், சிலருக்குக் குறையும், சராசரி நகராது. அதனால் சேரும் தவறின் திட்ட விலக்கம் 0.29 செ.மீ. தான். இரண்டு வயதில் பிள்ளைகளின் உயரமே ஒருவருக்கொருவர் 3 செ.மீ. அளவுக்கு விலகி நிற்கும்போது, அதற்குள் இது கரைந்துவிடும்.

84.8-ஐயும் 84 என்று எழுதினால் கதை வேறு. எல்லோருக்கும் குறைகிறது. சராசரியாக 0.45 செ.மீ. போகிறது. அந்த வயதின் நடு உயரத்திலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பதை இசட் என்பார்கள், அந்தக் கணக்கில் இது 0.15 இசட். ஒரு பேச்சுக்கு, சராசரி இசட் -1.2, விலக்கம் 1.1 என்று ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே -2-க்குக் கீழே, அதாவது வளர்ச்சி குன்றியவர்களாக, 23 சதவீதம் பிள்ளைகள் இருப்பார்கள். எல்லோரும் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எழுதினால் அதே ஊர் 28 சதவீதமாகத் தெரியும். ஒரு குழந்தையும் குள்ளமாகாமலே நாலு புள்ளிக்கு மேல் ஏறிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் 2016 சுகாதார ஆய்வு 27 சதவீதம் என்றது, 2021-23 தேசிய உணவு ஊட்டச்சத்து ஆய்வு 28.8 என்றது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைவிட நான் சொன்ன நகர்வு பெரிது. அந்த ஆய்வுகளில் குறை இருக்கிறது என்று சொல்லவில்லை. எவ்வளவு சின்ன அசைவை வைத்து நாம் முடிவெடுக்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே கார்த்திக், யாரையும் கூப்பிடுவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். அந்த 47-ஐ டேப்லெட் வாரியாக, நாள் வாரியாகப் பிரியுங்கள். அப்புறம் எடையின் கடைசி இலக்கத்தையும் பாருங்கள். எடைக்கருவி எண்ணைத் திரையில் காட்டிவிடும், அதில் கண்ணுக்கு வேலை இல்லை. எடையிலும் பூஜ்யம் குவிந்திருந்தால் தவறு கண்ணில் நடக்கவில்லை, கையில் நடக்கிறது.

எண்ணும்போது ஒரு கவனம். 84.3-இலிருந்து 84-ஐக் கழித்து மீதியை எடுக்காதீர்கள். கணினிக்குள் அது சரியாக 0.3 ஆக இருக்காது, .3 சில சமயம் .2 ஆகிவிடும். ஆர் மொழி என்றால் இப்படி:

```
d <- round(height * 10) %% 10
table(tablet, d)
```

கார்த்திக்_டர்பன்

நாதன் ஐயா, கை நடுங்குகிறது. பார்த்துவிட்டேன்.

குழுவில் இரண்டு டேப்லெட். ஒன்றில் 62 குழந்தைகள், பூஜ்யம் 5 தான். மற்றதில் 58 குழந்தைகள், பூஜ்யம் 42. அந்த 58-ஐ நாள் வாரியாகப் பிரித்தேன். முதல் 18 பேரில் பூஜ்யம் 2. அப்புறம் ஒரு புதன்கிழமை முதல் வந்த 40 பேருக்கும் பூஜ்யம். நாற்பதுக்கு நாற்பது.

எடையை நான் பார்க்கவே இல்லை. டிஜிட்டல் கருவிதானே, அதில் தவறு வராது என்று விட்டுவிட்டேன். அந்த 40 பேருக்கு எடையும் முழுக் கிலோ. 11.0, 9.0, 13.0 என்று வரிசையாக நிற்கிறது.

அந்த டேப்லெட்டை வைத்திருக்கும் பெண்ணைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. ஆனால் 40-க்கு 40 என்றால் வீட்டுக்கே போகாமல் எழுதியிருப்பாளோ என்றும் தோன்றுகிறது.

சிவா_ஜோபர்க்

நான் சொன்னேனே. மரத்தடியில் உட்கார்ந்து எழுதியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ராணி_தோங்காட்

நான் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழு வருடம் வீடு வீடாகப் போய் அளந்தவள் நான். சிவா அண்ணா, மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் நாற்பது பூஜ்யம் போட மாட்டார்கள். அவர்களுக்கு மாட்டிக்கொள்ளும் பயம் இருக்கும். 84.3, 91.7 என்று அழகாக எழுதுவார்கள்.

கார்த்திக் தம்பி, அந்த டேப்லெட்டின் கீபோர்டில் புள்ளி வருகிறதா, கமா வருகிறதா? இந்த நாட்டில் பள்ளியில் எல்லோரும் 84,3 என்றுதான் எழுதப் படிக்கிறோம். வாயாலும் எயிட்டி-ஃபோர் கமா த்ரீ என்றுதான் சொல்வோம். டேப்லெட்டில் மொழி இங்கிலிஷ் சவுத் ஆப்பிரிக்கா என்று மாறினால் எண் கீபோர்டில் புள்ளி போய் கமா வரலாம். எங்களுக்கு ஒருமுறை அப்படி ஆனது. படிவம் கமாவை வாங்காது. தட்டினால் ஒன்றும் நடக்காது. அப்புறம் 3 தட்டினால் 843 ஆகிவிடும். உயரம் அளவு மீறிவிட்டது என்று சிவப்பு எழுத்து வரும். வெளியே மழை வருகிறது, பக்கி வண்டி டிரைவர் ஹாரன் அடிக்கிறார், வீட்டுப் பாட்டி, கோகோ, வாசலில் நிற்கிறார். 3-ஐ அழித்தால் சிவப்பு போய்விடும். 84 என்று விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவோம்.

அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். டேப்லெட்டைக் கையில் கொடுத்து, 84,3 பதிந்து காட்டு என்று மட்டும் சொல்லுங்கள்.

கார்த்திக்_டர்பன்

ராணி அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே. இன்று காலையில் போய்ப் பார்த்தேன். செவ்வாய் இரவு டேப்லெட் தொங்கிப்போய், மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக அமைத்திருக்கிறார். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறது, நம் நாட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் செய்தது இயல்பானதுதான். புதன் காலை முதல் கமா.

அந்தப் பெண் என் முன்னால் பதிந்து காட்டினாள். 8, 4, கமா, 3. திரையில் 843. சிவப்பு எழுத்து. அவள் விரல் யோசிக்காமலே அழிக்கும் பொத்தானுக்குப் போனது. இது எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். ஆமாம் சார், இந்த டேப்லெட் புள்ளியை வாங்காது, மேற்பார்வையாளரிடம் முதல் நாளே சொன்னேன் என்றாள். அவர் மறந்துவிட்டார். பயிற்சியின் ஐந்து நாளும் நாங்கள் எல்லாவற்றையும் காகிதத்தில்தான் எழுதவைத்தோம், டேப்லெட் கடைசி நாள் மதியம் இரண்டு மணி நேரம். அது என் தவறு.

ஓர் ஆறுதல். 40 வீட்டுக்கும் போயிருக்கிறாள். டேப்லெட்டில் இடக்குறி பதிவாகியிருக்கிறது.

நாதன்_பிரிட்டோரியா

ராணி அம்மா கண்டுபிடித்தது எனக்குத் தோன்றவே இல்லை. நான் கையில் தவறு என்றதோடு நின்றுவிட்டேன்.

இனி இதன் சேதத்தைப் பார்ப்போம். அந்த 40 பேருக்கும் வெட்டித்தான் எழுதப்பட்டிருக்கிறது, அருகில் உள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. ஆக உயரத்தில் சராசரி 0.45 செ.மீ. குறைவு. ஆனால் இதைவிடப் பெரிய அடி எடையில் விழுந்திருக்கிறது. அங்கே 0.45 கிலோ போயிருக்கிறது. இரண்டு வயதுப் பையனுக்கு நடு எடை 12.2 கிலோ, கீழே -2 கோடு 9.7. அதாவது ஓர் இசட் என்பதே ஒன்றேகால் கிலோதான். அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டோம். உயரத்தைப் பார்த்துத் தேட ஆரம்பித்தீர்கள், பெரிய ஓட்டை பக்கத்து அறையில் இருந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த 40 பேரை ஒதுக்கிவிட்டு மிச்சம் 80 பேரின் உயரத்தைப் பாருங்கள். பூஜ்யம் 7, அது சரி. ஆனால் .5 மட்டும் 22. எதிர்பார்ப்பது 8. ஸ்மார்ட் என்ற ஊட்டச்சத்து ஆய்வுமுறையில் கடைசி இலக்கத்துக்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள், 20-ஐத் தாண்டினால் பிரச்சினை என்று கொள்வார்கள். உங்கள் 120 பேருக்கு அது 35 வருகிறது. கமாவை நீக்கிய பிறகும் சரியாக 20-இல் நிற்கிறது. கமா பாதிக் கதைதான். மீதியில் கண்ணும் இருக்கிறது.

சிவா_ஜோபர்க்

சரி, மரத்தடி என்றது தவறு. அந்தப் பெண்ணைப் பற்றி அப்படிச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

ஆனால் சராசரி 0.45 குறைந்திருக்கிறது என்று தெரிகிறதே. எல்லா 40 பேருக்கும் உயரத்தில் 0.45-உம் எடையில் 0.45-உம் கூட்டிவிட்டால் முடிந்துவிட்டதே? கணக்கில் நாங்கள் இப்படித்தான் திருத்தப் பதிவு போடுவோம்.

நாதன்_பிரிட்டோரியா

சராசரி மட்டும் வேண்டுமென்றால் கூட்டலாம். நமக்கு வேண்டியது கோட்டுக்குக் கீழே எத்தனை பிள்ளை என்பது. 9.0 என்று பதிவான பிள்ளை 9.1 ஆகவும் இருக்கலாம், 9.9 ஆகவும் இருக்கலாம். ஒருவன் கோட்டுக்குக் கீழே, மற்றவன் மேலே. இருவருக்கும் 9.45 என்று எழுதினால் யார் எங்கே என்பது போய்விடும். 40 பேரில் கோட்டருகே நிற்பவர்கள் நாலைந்து பேர் இருந்தாலே விகிதம் ஆடும். மேலும் அந்த வீட்டில் எடை குறைவு என்று தெரிந்தால் கிளினிக்குக் கடிதம் கொடுப்பீர்கள் அல்லவா? அந்தக் கடிதம் யாருக்கோ தேவையில்லாமல் போயிருக்கும்.

இயன்றால் திரும்பப் போய் அளப்பதே நல்லது. அப்போது ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் விழுந்திருக்கிறார்கள். புது உயரத்தைப் பழைய தேதியோடு சேர்த்துவிடாதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளை மாதம் முக்கால் செ.மீ. வளரும், ஆறு மாதக் குழந்தை ஒன்றரை செ.மீ. வளரும். மூன்று வாரம் கழித்துப் போய் அளந்து பழைய தேதியில் போட்டால், இப்போது குறைந்ததற்குப் பதில் கூடிவிடும். அளந்த தேதியையும் மாற்றுங்கள், வயது புதிதாகக் கணக்காகட்டும்.

ராணி_தோங்காட்

.5 பற்றி நான் சொல்கிறேன், அது எங்கள் கதை.

உயரப் பலகையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செ.மீ. கோட்டில் எண் எழுதியிருக்கும். மி.மீ. கோடுகளுக்கு எண் கிடையாது, நாம்தான் எண்ண வேண்டும். நடுவில் ஐந்தாவது கோடு மட்டும் கொஞ்சம் நீளம். பிள்ளை அழும்போது கண் அந்த நீளக் கோட்டில்தான் போய் உட்காரும். பாதி தாண்டினது போல இருக்கிறதே, சரி, .5.

ஒரு வீடு சொல்கிறேன். வட்ட வீடு, சாணம் மெழுகிய தரை. பலகையைத் தரையில் வைத்தால் ஆடுகிறது. கோகோ அன்பாக ஒரு புல் பாயைக் கொண்டுவந்து அடியில் போட்டார், பிள்ளைக்குக் கால் குளிராமல் இருக்கட்டும் என்று. பாய் மேல் பலகை இன்னும் ஆடும். பெண் குழந்தை, மூன்று வயது, தலையில் அன்றுதான் பின்னல் போட்டிருக்கிறார்கள், உச்சியில் முடிச்சு. தலைப்பலகை முடிச்சு மேல் நின்றது. 92.5 என்று வாசித்தேன். அப்போது என்னுடன் வந்த மூத்த அக்கா ஒன்றும் சொல்லாமல் பாயை உருவினார், கதவுப்பக்கம் தரை சமமாக இருந்த இடத்துக்குப் பலகையை மாற்றினார், முடிச்சை இரண்டு பக்கமும் விலக்கி மண்டை தொடும் வரை தலைப்பலகையை அழுத்தினார். பிள்ளையின் முழங்காலை நான் பிடித்தேன். அவர் மண்டியிட்டு, கண்ணைத் தலைப்பலகைக்கு நேராகக் கொண்டுவந்து வாசித்தார். 90.9. நான் நின்றுகொண்டே மேலிருந்து பார்த்திருந்தேன்.

ஒன்றரை செ.மீ. வித்தியாசத்தில் .5 என்பது சின்னத் தவறு. பெரிய தவறு முடிச்சு, பாய், நான் குனியாதது. இலக்கத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

அப்புறம் பிடித்தம் பற்றி. இன்னொரு ஆய்வில் இருந்தேன். அங்கே மேற்பார்வையாளர் ஒருநாள் காலையில் வந்து, பூஜ்யமும் ஐந்தும் அதிகமாக வருகிறது, இனி வரக்கூடாது என்றார். எப்படி அளப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளே எல்லோரும் .3, .7 எழுத ஆரம்பித்தோம். நானும் எழுதினேன். 88-க்குப் பக்கத்தில் இருந்தால் 87.7. அவர் சந்தோஷமாகிவிட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்.

சிவா_ஜோபர்க்

ராணி அம்மா, நீங்கள் இதை எழுதியிருக்காவிட்டால் நான் இன்னும் பிடித்தம் என்றே சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். யாராவது அப்படி .3, .7 என்று எழுதினால் கண்டுபிடிக்கவே முடியாதா?

நாதன்_பிரிட்டோரியா

நூறு, இருநூறு குழந்தைகள் சேர்ந்தால் தெரியும். பூஜ்யமும் ஐந்தும் 10 சதவீதத்துக்கு நன்றாகக் கீழே போய்விடும். அதுவும் ஒரு சாய்வுதான். ஆனால் ஓர் ஆளுக்கு 20 குழந்தைகளை வைத்துக்கொண்டு எதையும் சொல்லக்கூடாது. ஒழுங்காக அளப்பவர்களிலேயே எட்டில் ஒருவருக்கு 20-இல் நாலோ அதற்கு மேலோ பூஜ்யம் தற்செயலாக வரும். அவரைக் கூப்பிட்டு விசாரித்தால் நாளை அவரும் .7 எழுதுவார்.

இலக்கத்தை விட நம்பகமானது, ஒரே பிள்ளையை இரண்டு முறை அளப்பது. கார்த்திக், உங்கள் பயிற்சியில் பத்துக் குழந்தைகளை வைத்துச் செய்யும் தேர்வு நடந்ததா?

கார்த்திக்_டர்பன்

நடந்தது ஐயா. ஒரு கிரஷில் வைத்துச் செய்தோம். பத்துப் பிள்ளைகள், ஒவ்வொருவரும் எல்லோரையும் ஒரு சுற்று அளந்து தாளைக் கொடுத்துவிட வேண்டும், மதியம் புதுத் தாளில் மறுபடி. முதல் சுற்று எண் கையில் இருக்கக்கூடாது. 62 குழந்தைகள் உள்ள டேப்லெட்டை வைத்திருக்கும் பையனின் வித்தியாசங்கள் இவை, செ.மீ. கணக்கில்: 0.4, 1.2, 0.3, 2.1, 0.6, 0.8, 0.2, 1.5, 0.5, 0.9. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 10.45, அதை 20-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.72. எங்கள் எல்லை 0.6. தேறவில்லை.

அந்த 2.1 ஒரே பிள்ளை. மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அவளால் வந்தது. பையனோடு அவளைத் திரும்ப அளந்து பார்த்தோம். முதல் சுற்றில் குதிகால் பலகையை விட்டு எழும்பியிருக்கிறது, பிடித்திருந்தவர் முழங்காலை மட்டும் பிடித்திருக்கிறார். மறுநாள் பாதி நாள் குதிகால், முழங்கால், கண்மட்டம் இந்த மூன்றை மட்டும் பழக்கினோம். வேறு பத்துப் பிள்ளைகளோடு மறு தேர்வு, 0.29. அப்போதுதான் களத்துக்கு விட்டோம்.

அந்தப் பெண் முதல் முறையே 0.25 எடுத்துத் தேறினாள்.

நாதன்_பிரிட்டோரியா

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். எண்ணைக் கொடுத்துத் திட்டுவதற்குப் பதில் எந்தப் பிள்ளை, எந்தக் கால் என்று போய்ப் பார்த்தீர்கள். பயிற்சி தவறைக் குறைக்கும் இடம் அதுதான். 0.72-இலிருந்து 0.29 வந்தது இலக்கத்தால் இல்லை, குதிகாலால்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தேர்வில் அந்தத் தாள்களின் கடைசி இலக்கத்தைப் பார்த்தீர்களா? முழு எண்ணாக எழுதுபவருக்கு இந்தக் கணக்கில் ஒரு சலுகை கிடைக்கும். காலையில் 84.2-ஐ 84 என்றும் மதியம் 83.8-ஐ 84 என்றும் எழுதினால் வித்தியாசம் பூஜ்யம். தன்னோடு தான் ஒத்துப்போவதில் அவர்தான் முதல் மதிப்பெண் வாங்குவார். அதனால்தான் தேர்ந்தவர் அளந்த எண்ணோடும் ஒப்பிட வேண்டும். வெட்டி எழுதுபவர் எப்போதும் அவருக்குக் கீழேயே நிற்பார், அங்கே மாட்டிக்கொள்வார்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சித் தரத்துக்காக 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் அளந்தபோது, இரண்டு பேர் தனித்தனியாக அளந்து எழுதி, பிறகு ஒப்பிட்டு, 7 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் இருவரும் மறுபடி அளந்தார்கள். வீட்டு ஆய்வில் அவ்வளவு முடியாது. பத்தில் ஒரு பிள்ளையையாவது மேற்பார்வையாளர் பழைய எண்ணைப் பார்க்காமல் திரும்ப அளந்தால் போதும். 1 செ.மீ.க்கு மேல் போனால் அன்றே காரணம் தேடுங்கள்.

ராணி_தோங்காட்

ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். எங்கள் மூத்த அக்கா வாசிக்கும்போது எண்பத்தி நாலு என்று நிறுத்தவே மாட்டார். எயிட்டி-ஃபோர் கமா ஸீரோ என்று முழுதாகச் சொல்வார். எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பதிந்ததைத் திருப்பிக் காட்ட வேண்டும். கமா ஸீரோ என்று வாயால் சொன்னால்தான் அது நிஜமான பூஜ்யம்.

கார்த்திக்_டர்பன்

தேர்வுத் தாள்களை எடுத்துப் பார்த்தேன் ஐயா. பெண்ணின் இலக்கங்கள் நன்றாகப் பரவியிருக்கின்றன. பையனின் இரண்டாம் தேர்வுத் தாளில் 20 எண்களில் .5 ஆறு. அன்று 0.29 என்றதும் மகிழ்ந்து தாளை மூடிவிட்டேன்.

எல்லா டேப்லெட்டிலும் கீபோர்டைச் சரிசெய்துவிட்டோம். படிவத்தில் புள்ளிக்கு முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி என்று பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். பின்பெட்டி காலியாக இருந்தால் அடுத்த கேள்விக்குப் போகாது.

சிவா_ஜோபர்க்

கட்டாயப் பெட்டி வைத்தால் அவசரத்தில் எதையாவது தட்டுவார்களே? ராணி அம்மா சொன்ன .7 தானே திரும்ப வரும்?

நாதன்_பிரிட்டோரியா

வரலாம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் காலிப் பெட்டியும் பூஜ்யமும் ஒன்றாகக் கலந்துபோவதைவிட அது மேல் என்று நினைக்கிறேன். இதில் என்னோடு வேலை செய்பவர்களே என்னை ஒத்துக்கொள்வதில்லை. வாசிக்க முடியவில்லை என்று ஒரு பொத்தான் வைக்கலாம் என்கிறார்கள், பிறகு அதையே எல்லோரும் அழுத்துவார்கள் என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

மீனாட்சி_சாட்ஸ்வர்த்

நாதன் தம்பி, நேற்று மருமகளிடம் 0.7 கதையைச் சொன்னேன். புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். இரண்டு வருடத்தில் பதினொரு முறை உயரம் எழுதியிருக்கிறார்கள், அதில் ஒன்பது முழு எண். அடுத்த முறை போகும்போது கமாவுக்குப் பின்னால் என்ன என்று கேட்கப்போகிறேன்.

கார்த்திக்_டர்பன்

கேளுங்கள் அம்மா.

திங்கட்கிழமை அந்த 40 வீட்டுக்கும் திரும்பப் போகிறோம். அதே பெண்தான் அளக்கிறாள், பலகையும் எடைக்கருவியும் அவளிடம். ராணி அக்கா முதல் இரண்டு நாள் எங்களோடு வர ஒத்துக்கொண்டிருக்கிறார், பையன் அவரோடு கண்மட்டம் பழகப்போகிறான். மூன்று குடும்பங்கள் ஜோபர்க் பக்கம் போய்விட்டதாக ஊர்த் தலைவர் இண்டுனா வழியாகத் தகவல் வந்திருக்கிறது. அந்த மூன்று பிள்ளைகளை உயரமும் எடையும் இல்லாதவர்கள் என்று குறிப்பதா, வெட்டிய எண்ணோடு வைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதைப் பற்றி யாருக்காவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.